மிச்சக் காசில் 1,000 ரூபாய் கூட வந்தது: அதைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது நடந்தது

மே லீவில் கடை வேலைக்குப் போகும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். கூடுதலாக வந்த காசைத் திருப்பிக் கொடுக்கணும் என்று வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் எனக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். எப்படிக் கொடுப்பது, யார் கையில் கொடுப்பது, கொடுக்கப் போன இடத்தில் நம்மையே சந்தேகப்பட்டால் என்ன செய்வது என்று மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை. பதினாறு வயசில் ராமநாதபுரத்தில் ஒரு மொத்தக் கடையின் பின்கட்டில் தன்னந்தனியாக உட்கார்ந்து அதைத் தெரிந்துகொண்டேன். அன்று யாராவது முன்கூட்டியே நாலு வார்த்தை சொல்லியிருந்தால் பாதி பயம் குறைந்திருக்கும்.

எங்கள் ஊர் மண்டபம். அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையில் நிற்கும், வீட்டில் வருமானமும் நின்றுவிடும். நிவாரணப் பணம் எப்போது வரும் என்று அம்மா தினமும் கேட்டுக்கொண்டிருப்பார். பத்தாவது பரீட்சை முடிந்த கையோடு நான் ஒரு மளிகைக் கடையில் சேர்ந்தேன். நாள் சம்பளம் 250. தடைக்காலத்தில் மண்டபத்துக் கடைகளுக்கும் கஷ்டம்தான். படகுக்காரர்கள் எல்லாம் நோட்டில் எழுதித்தான் வாங்குவார்கள், படகு கடலுக்குப் போன பிறகுதான் கடன் வசூலாகும். அதனால் முதலாளி லோடு லோடாகச் சரக்கு எடுக்க மாட்டார். நாலு நாளைக்கு வேண்டியதை மட்டும் ரொக்கம் கொடுத்து எடுப்பார். அந்த ரொக்கத்தைக் கொண்டுபோய் ராமநாதபுரத்தில் சரக்கு எடுத்து, மண்டபம் பக்கம் வரும் லோடு வண்டியில் ஏற்றிவிட்டு, பில்லும் மிச்சக் காசுமாகப் பஸ்ஸில் திரும்பி வருவது என் வேலை.

அன்றைக்கு முதலாளி பதினெட்டு 500 ரூபாய் நோட்டு, அதாவது 9,000 கொடுத்து அனுப்பினார். பருப்பு, டீத்தூள், சோப்பு, எண்ணெய் பாக்கெட் எல்லாம் சேர்த்து பில் 8,430. எனக்கு வரவேண்டியது 570. கல்லாவில் இருந்த அக்கா ஒரு பக்கம் பில் போட்டுக்கொண்டு, இன்னொரு பக்கம் போனில் ஆர்டர் எடுத்துக்கொண்டு, நடுவில் பணமும் வாங்கினார். என் 9,000-ஐ இரண்டு தடவை எண்ணினார். மிச்சத்தை பில்லுக்குள் மடித்து நீட்டினார். எனக்குப் பின்னால் ஆறேழு பேர் நின்றார்கள். லோடு வண்டிக்காரர் வெளியே ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். பில்லோடு சேர்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஓடினேன்.

மண்டபத்துக்கு வந்து, முதலாளியிடம் கணக்குக் கொடுப்பதற்கு முன்னால், கடையின் பின்னால் உப்பு மூட்டை மேல் உட்கார்ந்து பிரித்தேன். ஒரு 50, ஒரு 20, மேலே ஒரு 500. சரியாக இருந்தது. ஆனால் அந்த 500 கொஞ்சம் தடிமனாகப் பட்டது. ஓரத்தை நகத்தால் நெருடியதும் மூன்றாகப் பிரிந்தது. மூன்றும் மடிப்பே விழாத புது நோட்டு. அதில் எண்கள் இடமிருந்து வலமாகப் போகப் போகப் பெரிதாகும், பார்த்திருப்பீர்கள். மூன்று நோட்டிலும் எல்லா எண்ணும் ஒன்றுதான், கடைசி இரண்டு இலக்கம் மட்டும் 41, 42, 43 என்று வரிசையாக இருந்தது. பேங்க் கட்டிலிருந்து உருவிய புது நோட்டு ஓரத்தோடு ஓரம் ஒட்டிக்கொண்டிருக்கும்; உப்புக்காற்று ஈரத்தில் இன்னும் மோசம். ஒரு நோட்டு என்று எடுத்து அக்கா மூன்றைக் கொடுத்திருக்கிறார். 570-க்குப் பதில் என் கையில் 1,570.

இது யாருக்கும் தெரியாது என்பது எனக்கு அந்த நிமிஷமே புரிந்தது. பில்லில் சரக்கின் விலை மட்டும்தான் இருந்தது. நான் எவ்வளவு கொடுத்தேன், அவர்கள் எவ்வளவு திருப்பித் தந்தார்கள் என்று ஒரு வரி கிடையாது. பில்லில் பேர் இருக்கும் இடத்தில் ‘ரொக்கம்’ என்று மட்டும்தான் போட்டிருந்தது. முதலாளி எதிர்பார்ப்பது 570, அதை முழுசாகக் கொடுத்துவிடலாம். ராத்திரி மொத்தக் கடையில் கல்லா எண்ணும்போது ஆயிரம் குறையும். ஆனால் அன்றைக்கு வந்த அத்தனை ரொக்க பில்லில் எந்த ஆள் கொண்டுபோனான் என்று சொல்ல வழியில்லை. என் போனின் டிஸ்பிளே உடைந்து கிடந்தது. மாற்ற 1,200 கேட்டிருந்தார்கள். ஆயிரம் ரூபாய் என் நாலு நாள் சம்பளம். மனசு அந்தக் கணக்கைத் தானாகவே போட்டுப் பார்த்தது என்பதை மறைக்க மாட்டேன்.

என்னோடு வேலை பார்த்த அண்ணன் எட்டிப் பார்த்தார். “அடேய், அது எம்புட்டுப் பெரிய கடை. அவுகளுக்கு ஆயிரமெல்லாம் தூசு. பேசாம உள்ள வையி” என்றார். அவர் கெட்டவர் இல்லை. நிறையப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். கடை பெரிதாக இருந்தால் நஷ்டமும் கடைக்குத்தான் என்று. எனக்கு அப்படித் தோன்றாததற்கு ஒரே காரணம் என் அத்தை. அவர் ஒரு ஜவுளிக்கடைக் கல்லாவில் இருந்தவர். கல்லா குறைந்தால் அது கடைக் கணக்கில் போகாது, உட்கார்ந்திருந்தவர் கணக்கில் போகும். மாசக் கடைசியில் சம்பளத்தில் பிடிப்பார்கள். ஒரு மாசம் அப்படிப் பிடித்தபோது அவர் எங்கள் வீட்டுக்கு வந்துதான் அரிசிக்குக் கடன் வாங்கிப் போனார். ஆகவே என் கையில் இருந்த ஆயிரம் அந்தப் பெரிய கடையின் ஆயிரம் இல்லை, கல்லாவில் இருந்த அக்காவின் ஆயிரம். இதைத் தெரிந்த பிறகு அந்த நோட்டைத் தொடவே கூச்சமாக இருந்தது.

இங்கே முதல் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், மற்ற எல்லாவற்றையும் விட இது எனக்கு உதவியது. கூடுதலாக வந்த நோட்டைச் செலவழிக்காதீர்கள், மாற்றாதீர்கள், வேறு காசோடு கலக்காதீர்கள். அதே நோட்டு, அதே பில், ஒரே கவர். நான் முதலாளிக்கு 570 கொடுக்க வேண்டும். அந்த மூன்று நோட்டில் ஒன்றை எடுத்துக் கொடுத்திருந்தால் வரிசை உடைந்திருக்கும். அதனால் முதலாளியிடம் மூன்றையும் காட்டி விஷயத்தைச் சொன்னேன். அவருடைய 500-க்கு என்ன செய்வது என்று யோசித்தேன். அதற்குள் அவரே, “மூணையும் கவர்ல போட்டு வச்சுக்க. எனக்கு வர வேண்டிய ஐநூற அங்கேயே வேற நோட்டா வாங்கிட்டு வா” என்றார். நல்ல யோசனை. ஆனால் அதோடு, “அடுத்த தடவ சரக்கெடுக்கப் போறப்ப பாத்துக்கலாம்” என்றும் சொன்னார். அடுத்த தடவை என்றால் நாலைந்து நாள். அதற்குள் அங்கே கணக்கை முடித்து அக்காவின் பேரில் எழுதிவிடுவார்கள். எழுதிய பிறகு அழிப்பது கஷ்டம்.

பில்லில் இருந்த நம்பருக்குப் போன் அடித்தேன். ஒருவர் எடுத்தார். கல்லாவில் இருக்கும் அக்காவிடம் பேசணும் என்றேன். “கெளம்பிட்டாக. என்ன விசயம்?” என்றார். நேரில் வந்து பேசுகிறேன், இன்றைக்குச் சரக்கு எடுத்த பில் விஷயம் என்று அவரிடம் நாளைக்குச் சொல்லிவிடுங்கள் என்று மட்டும் சொன்னேன். எவ்வளவு கூட வந்தது என்று போனில் சொல்லவில்லை. இதுவும் அத்தை சொன்னதுதான்: தொகையை நாம் முதலில் சொன்னால் எடுக்கிறவர் யாரும் “ஆமா, அது என்னதுதான்” என்று சொல்லலாம். எவ்வளவு குறைந்தது என்று அவர்கள் வாயிலிருந்து முதலில் வரட்டும். லோடு வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்பலாம் என்று அந்த அண்ணன் சொன்னார். அதற்கும் சம்மதிக்கவில்லை. பணம் அக்காவிடம் போய்ச் சேர்ந்ததா என்று எனக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் காலையில் முதலாளியிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். உச்சிப்புளி தாண்டும்வரை மனசு லேசாக இருந்தது. போனோம், கொடுத்தோம், வந்தோம் என்று அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன்.

கடையில் கல்லாவில் வேறொரு அண்ணன் உட்கார்ந்திருந்தார். அக்காவைக் கேட்டதும் பின்கட்டுக்குக் கூட்டிப் போனார்கள். மேனேஜர் மேசைக்கு எதிரே அக்கா நின்றுகொண்டிருந்தார். முகம் வீங்கியிருந்தது. நேற்றைய பில் கட்டெல்லாம் மேசை மேல் பரப்பிக் கிடந்தது. “நேத்து கல்லால எவ்வளவு குறையுதுங்க?” என்று கேட்டேன். மேனேஜர், “உனக்கெதுக்கு? நீ எவ்வளவு கொண்டாந்திருக்க?” என்றார். அக்காதான், “1,480 தம்பி” என்றார்.

கவரைப் பிரித்து மூன்று நோட்டையும் பில்லையும் வைத்து, ஒரு நோட்டு எங்களுக்கு வரவேண்டியது, இரண்டு கூடுதலாக வந்தது, ஆயிரம் ரூபாய் என்றேன். அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். மேனேஜர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஆயிரம் கொண்டாந்துட்ட. மிச்சம் 480 எங்க?” என்றார்.

எனக்குக் காது அடைத்துப்போனது. இல்லைங்க, இவ்வளவுதான் வந்தது என்றேன். “மனசாட்சி உறுத்தி ஆயிரத்தக் கொண்டாந்திருக்க, 480-ஐச் செலவழிச்சிட்ட. சொல்லிரு, ஒன்னும் செய்ய மாட்டேன்” என்றார். அப்படியொரு கேள்வி வரும் என்று கனவிலும் நினைக்கவில்லை. சரக்கு மூட்டை தூக்கும் ஆட்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தது. வராமலே இருந்திருக்கலாமே என்று அப்போது உண்மையாகவே தோன்றியது. நல்லது செய்ய வந்தேன் என்று கத்தணும் போல இருந்தது. கத்தினால் பையன் முழிக்கிறான், மாட்டிக்கிட்டான் என்பார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அக்காதான் முதலில் தெளிந்தார். அவர் சொன்னதை நான் இன்றைக்கும் கல்லா எண்ணும்போது நினைத்துக்கொள்வேன். “சார், ஐநூறு ரூவா நோட்டு ஒட்டிப் போயிருந்தா ஐநூறு குறையும், ஆயிரம் குறையும், ஆயிரத்தைநூறு குறையும். 480 எப்படிக் குறையும்? இது நோட்டு ஒட்டுனதால வந்த கொறை இல்ல. இது வேற.” மேனேஜர் பேசாமல் இருந்தார். அக்கா கல்லாவிலிருந்து நேற்றைய புது 500 கட்டின் மிச்சத்தை எடுத்து வரச் சொன்னார். மேலே இருந்த முதல் நோட்டின் கடைசி இலக்கங்கள் 46. மற்ற எண்ணெல்லாம் என் நோட்டில் இருந்த அதே எண். 44, 45 வேறு யாருக்கோ மிச்சமாகப் போயிருக்கும். என் கையில் இருந்த மூன்றும் அந்தக் கட்டிலிருந்து அடுத்தடுத்து வந்தவை என்பதை அதற்கு மேல் யாரும் மறுக்க முடியவில்லை. அந்த நோட்டுகளை நான் கலந்திருந்தால், இல்லை செலவழித்துவிட்டு வேறு ஆயிரத்தைக் கொண்டுபோயிருந்தால், என் வாய்ச்சொல் மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

480 எங்கே போனது என்ற கேள்வி இன்னும் இருந்தது. மொத்தமாக 480 என்று ஒரே தொகை குறைகிறதென்றால், 480-க்கு ஒரு பில் இருக்கிறதா என்று முதலில் பார்க்கணும் என்றார் அக்கா. நானும் அவரும் தரையில் உட்கார்ந்து கட்டைப் பிரித்தோம். மத்தியானம் மூன்று மணி வாக்கில் போட்ட ஒரு பில், சரியாக 480, ரொக்கம் என்று இருந்தது. அக்காவுக்கு உடனே ஞாபகம் வந்தது. ஒரு பெரியவர் ரொக்கம் என்று சொல்லி பில் போட வைத்து, பிறகு சில்லறை இல்லை என்று மகன் போனிலிருந்து ஜிபேயில் அனுப்பினார். பில் ரொக்கத்திலேயே நின்றுவிட்டது. அப்படியானால் கல்லாவில் 480 குறையும், பேங்க் கணக்கில் 480 கூடும். கடையின் மொத்தப் பணத்தில் ஒரு பைசா குறையவில்லை.

அதைக் காட்ட வேண்டுமே. கல்லாவில் ஒட்டியிருந்த ஸ்கேன் அட்டை அந்த மொத்தக் கடை முதலாளியின் மகன் கணக்கில் இருந்தது. அவர் சாப்பாட்டுக்குப் பிறகுதான் கடைக்கு வருவாராம். அதுவரை என்னைப் போக விடவில்லை. உட்காரு என்று ஒரு ஸ்டூலைக் காட்டினார்கள். அக்கா தன் சாப்பாட்டில் பாதியை எடுத்து வைத்தார், எனக்கு இறங்கவில்லை. மூன்றரைக்கு முதலாளி மகன் வந்து போனைத் திறந்து பார்த்தார். நேற்று மூன்று மணி கழிந்து பத்து நிமிஷத்தில் 480 வரவு. அவ்வளவுதான். மேனேஜர் “சரி, சரி” என்று பில்களை அடுக்கத் தொடங்கினார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது இன்றைக்கும் வலிக்கிறது.

கிளம்பும் முன் ஒரு காரியம் செய்தேன். என் பில்லின் பின்பக்கம், ‘கூடுதலாகக் கொடுத்த ரூ.1,000 திரும்பப் பெற்றுக்கொண்டோம், இந்த பில்லில் வேறு பாக்கி இல்லை’ என்று எழுதி, தேதி போட்டு, கடை சீல் வைத்துத் தரச் சொன்னேன். மேனேஜர் முனகினார், முதலாளி மகன் எழுதித் தந்தார். ‘வேறு பாக்கி இல்லை’ என்ற வரி முக்கியம். அது இல்லாவிட்டால் அடுத்த மாசம் வேறு ஏதாவது குறையும்போது அந்த மண்டபத்துப் பையன் என்று மறுபடி உங்கள் பேர்தான் வரும். எங்கள் 500-ஐ வேறு நோட்டாக வாங்கி, அவர்கள் முன்னாலேயே எண்ணி, வாய்விட்டுச் சொல்லிப் பையில் வைத்தேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பின்னால் பிளஸ் டூ படிக்கும்போது தேடிப் பார்த்தேன். 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், 72-ஆவது பிரிவு: தவறுதலாகக் கொடுக்கப்பட்ட பணத்தை வாங்கியவர் திருப்பித் தர வேண்டும். யாரும் பார்க்கவில்லை, பில்லில் பேர் இல்லை என்பதால் அது நம் பணமாகிவிடாது. அதே மாதிரி, திருப்பிக் கொடுக்க வேண்டியது கூடுதலாக வந்தது மட்டும்தான். இன்னொருவர் கணக்குக் குறைவையெல்லாம் நம் தலையில் கட்ட அதில் இடமில்லை. உங்களிடம் யாராவது அப்படிக் கேட்டால் பயந்துபோய்க் கைக்காசைப் போட்டு ஈடுகட்டாதீர்கள். நான் அன்று பையில் வைத்திருந்த காசைக் கொடுத்துத் தப்பித்துவிடலாமா என்று யோசித்தேன். கொடுத்திருந்தால் செய்யாத திருட்டை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகியிருக்கும், அந்த 480 பில்லையும் யாரும் தேடியிருக்க மாட்டார்கள்.

இன்னொன்று, இது இப்போது அதிகம். கல்லாவில் கையில் வாங்கிய நோட்டு வேறு, போனில் வந்த பணம் வேறு. முன்பின் தெரியாத ஆள் “தவறி அனுப்பிட்டேன் தம்பி, இந்த நம்பருக்குத் திருப்பிப் போடு” என்று கூப்பிட்டால் உடனே போட்டுவிடாதீர்கள். பணம் வந்ததாகக் காட்டும் மெசேஜே பொய்யாக இருக்கலாம். பேங்க் கணக்கில் உண்மையில் வரவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அனுப்பியவரைத் தன் பேங்கில் புகார் கொடுக்கச் சொல்லுங்கள், உங்கள் பேங்கிலும் சொல்லி வையுங்கள். கடையில் நேருக்கு நேர் பார்த்துக் கொடுப்பது போல அதை நீங்களே முடிக்கப் போகக் கூடாது.

கடைசி பஸ்ஸுக்கு முன்னால் மண்டபம் வந்துவிட்டேன். கடையில் அன்றைய சம்பளம் எழுதவில்லை. வேலைக்கு வரவில்லையே என்றார் முதலாளி. 250 போச்சு, போக வர பஸ் காசும் என் கையிலிருந்துதான். கடைக்கு எடுத்த சரக்கு, கடைக்கு வந்த மிச்சக் காசு, அதற்காகப் போனதை லீவாக எப்படிக் கணக்கு வைக்கலாம் என்று எனக்கு ஆறவில்லை. அம்மாதான், காலையில் கிளம்பும்போதே கேட்டிருக்கணும் என்றார். அது சரிதான். நீங்கள் இப்படிக் கிளம்புவதாக இருந்தால், “அண்ணாச்சி, கடை வேலையாத்தான் போறேன், இன்னைக்கிச் சம்பளம் உண்டுல்ல, பஸ் காசு தர்றீகளா?” என்று முதலாளியிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.